ஒரு முறை எடுத்த பணம் ஒரு முறைதான் கழிந்ததா? ஏடிஎம் சீட்டுகளைப் படிப்பது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏடிஎம் வாசலில் சீட்டை நீட்டி, "இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு உள்ள ஐயம் ஒன்றுதான்: எடுத்தது ஒரு முறை, கணக்கில் கழிந்தது இரண்டு முறையோ என்பது. அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்து, இந்திய வங்கிகளின் சேமிப்புக் கணக்கை மனத்தில் கொண்டு இங்கே பதில்கள் தொகுக்கப்பட்டுள்ளன. சீட்டின் அமைப்பு வங்கிக்கு வங்கி சற்று மாறும். கணக்குப் பார்க்கும் முறை மாறாது.

மினி ஸ்டேட்மென்ட்டும் பேலன்ஸ் சீட்டும் ஒன்றுதானே? எதை எடுத்தால் போதும்?

பேலன்ஸ் சீட்டு, அதை எடுத்த நொடியில் கணக்கில் எவ்வளவு இருந்தது என்பதை மட்டும் சொல்லும். அந்தத் தொகை எப்படி வந்தது என்பதை அது சொல்லாது. மினி ஸ்டேட்மென்ட் கடைசியாக நடந்த சில வரவுகளையும் பற்றுகளையும், பெரும்பாலும் பத்து வரிகளுக்கு மேற்படாமல், தேதியுடன் வரிசைப்படுத்தித் தரும். அடியில் இருப்புத் தொகையும் இருக்கும். அடியில் இருப்பு அச்சாகியிருந்தால் மினி ஸ்டேட்மென்ட் ஒன்றே போதும். அச்சாகாவிட்டால் இரண்டையும் அடுத்தடுத்து எடுத்துக்கொள்ளுங்கள்.

பலர் கசக்கி எறிந்துவிடும் மூன்றாவது சீட்டு ஒன்று உண்டு. பணம் எடுத்தபோதே வரும் சீட்டுதான் அது. அதில் எடுத்த தொகையும், எடுத்த பிறகு மிஞ்சிய இருப்பும், இயந்திரத்தின் அடையாள எண்ணும், பரிவர்த்தனை எண்ணும் இருக்கும். சிக்கல் வந்தபின் மற்ற இரண்டையும் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இதை மறுபடி எடுக்க முடியாது.

`DR`, `CR` என்று போட்டிருக்கிறதே, எது போனது, எது வந்தது?

`DR` என்பது பற்று, அதாவது உங்கள் கணக்கிலிருந்து போன தொகை. `CR` என்பது வரவு. சில வங்கிகள் வெறும் `D`, `C` என்று அச்சிடும். சில, தொகைக்குப் பின்னால் கழித்தல் குறியோ கூட்டல் குறியோ போடும். எழுத்து மங்கலாக இருந்தால், உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரு வரவை, எடுத்துக்காட்டாகச் சம்பளத்தையோ ஓய்வூதியத்தையோ, பட்டியலில் தேடி அதன் பக்கத்தில் என்ன குறி இருக்கிறது என்று பார்த்தால் மற்ற வரிகளும் புரிந்துவிடும்.

வரிசையையும் ஒரு முறை கவனித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான சீட்டுகளில் மிக அண்மைய நடவடிக்கை மேலே இருக்கும். சிலவற்றில் அது கடைசி வரியாக வரும். தேதிகள் ஏறுகின்றனவா இறங்குகின்றனவா என்று பார்த்த பிறகே தொகைகளுக்குப் போக வேண்டும்.

எதைப் பார்த்தால் ஒரு முறைதான் கழிந்தது என்று உறுதியாகத் தெரியும்?

வரிகளை எண்ணினால் உறுதியாகத் தெரியாது. இருப்பை வைத்துக் கணக்குப் போட்டால்தான் தெரியும். இரண்டு பற்று வரிகள் இருந்தும் பணம் ஒரு முறைதான் போயிருக்கலாம். ஒரே பற்று வரி தெரியும்போது, இரண்டாவது வரி சீட்டின் எல்லைக்கு வெளியே போய்விட்டிருக்கவும் கூடும்.

பணம் எடுப்பதற்கு முன்பு நீங்கள் நிச்சயமாக அறிந்திருந்த ஓர் இருப்புத் தொகையிலிருந்து தொடங்குங்கள். பழைய பேலன்ஸ் சீட்டு, பாஸ்புக்கின் கடைசி வரி, முந்தைய குறுஞ்செய்தி ஆகியவற்றுள் எதுவாகவும் அது இருக்கலாம். அதிலிருந்து கையில் வாங்கிய பணத்தை ஒரே ஒரு முறை கழியுங்கள். இடையில் நடந்த மற்றச் செலவுகளைக் கழித்து, மற்ற வரவுகளைக் கூட்டுங்கள். வரும் விடையும் இன்றைய இருப்பும் பைசா வரை ஒன்றாக இருந்தால், சீட்டில் எத்தனை வரி இருந்தாலும் பணம் ஒரு முறைதான் போயிருக்கிறது. இன்றைய இருப்பு அந்த விடையைவிடச் சரியாக நீங்கள் எடுத்த தொகை அளவுக்கே குறைந்திருந்தால், அது இரு முறை கழிந்திருப்பதாகவே எடுத்துக்கொண்டு மேலே பார்க்க வேண்டும்.

முதல் இயந்திரத்தில் பணம் வரவில்லை, பக்கத்து இயந்திரத்தில் வந்தது. இப்போது 5,000 என்று மூன்று வரி இருக்கிறதே, எனக்கு எவ்வளவு போயிற்று?

இப்படிப்பட்ட ஒரு கணக்கை முழுவதுமாகப் போட்டுப் பார்ப்போம். மார்ச் 6 அன்று எடுத்த பேலன்ஸ் சீட்டில் இருப்பு 21,380.50 ரூபாய். மார்ச் 7, சனிக்கிழமை மாலை, முதல் இயந்திரம் எண்ணும் ஓசை எழுப்பிவிட்டுப் பணம் தராமல் நின்றுவிட்டது. அடுத்த இயந்திரத்தில் 5,000 ரூபாய் கிடைத்தது. ஞாயிறன்று யுபிஐ வழியாக 350 ரூபாய் செலவு. திங்கள்கிழமை எடுத்த மினி ஸ்டேட்மென்ட் இது:

```
09/03/26    5,000.00  CR
08/03/26      350.00  DR
07/03/26    5,000.00  DR
07/03/26    5,000.00  DR
05/03/26    2,140.00  DR
AVAIL BAL  16,030.50
```

மார்ச் 5 வரி பழைய இருப்பில் ஏற்கெனவே அடங்கிவிட்டதால் அதைத் தொடக்கூடாது. பலர் அதையும் சேர்த்துக் கழித்துவிட்டுத்தான் குழம்புகிறார்கள். 21,380.50இலிருந்து கையில் வாங்கிய 5,000ஐ ஒரு முறையும், 350ஐ ஒரு முறையும் கழித்தால் 16,030.50 வருகிறது. சீட்டின் அடியில் இருப்பதும் அதுதான். ஆகவே சனிக்கிழமை இரண்டு முறை கழிந்தது உண்மை; திங்களன்று ஒன்று திரும்பி வந்ததும் உண்மை; முடிவில் போனது 5,000 மட்டுமே. ஞாயிற்றுக்கிழமையே சீட்டு எடுத்திருந்தால் மேல் வரி இருந்திராது, இருப்பும் 11,030.50 என்று நின்றிருக்கும்.

இதைத் திங்கள்கிழமை வரை காத்திருந்துதான் அறிய வேண்டும் என்பதில்லை. சனிக்கிழமை பணம் தந்த இரண்டாவது இயந்திரத்தின் சீட்டில் மிஞ்சிய இருப்பு 16,380.50 என்று இருந்திருக்க வேண்டும். அங்கே 11,380.50 என்று அச்சாகியிருந்தால், முதல் முயற்சியிலும் பணம் கழிந்துவிட்டது என்பது அந்த இடத்திலேயே தெரிந்திருக்கும்.

பணமே வராதபோது கணக்கில் எப்படிக் கழியும்?

இயந்திரம் நோட்டை எண்ணித் தந்துவிட்டுப் பிறகு கணக்கில் எழுதுவதில்லை; முதலில் கணக்கில் கழித்து ஒப்புதல் வந்த பிறகே நோட்டை எண்ணத் தொடங்குகிறது. வேறு வங்கியின் இயந்திரமானால், உங்கள் கோரிக்கை, வங்கிகளின் ஏடிஎம்களை ஒன்றோடொன்று இணைக்க என்பிசிஐ நிறுவனம் நடத்தும் நேஷனல் ஃபைனான்ஷியல் ஸ்விட்ச் வழியாக உங்கள் வங்கிக்குப் போகிறது. உங்கள் வங்கி தொகையைக் கழித்துக்கொண்டு "கொடுக்கலாம்" என்று பதில் அனுப்புகிறது. அந்தப் பதில் வரும் வழியில் இணைப்பு அறுந்தாலோ, பதில் வந்த பிறகு நோட்டு சிக்கிக்கொண்டாலோ, பற்று அங்கே பதிவாகிவிட்டிருக்கும். நோட்டு இங்கே வெளிவந்திராது.

இத்தகைய நிலையில், கழித்ததைத் திருப்பி எழுதும்படி ஒரு செய்தி தானாகப் போக வேண்டும். அது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் சில நிமிடங்களிலேயே வரவு வந்துவிடும், பலருக்குப் பற்று நடந்ததே தெரியாது. அந்தச் செய்தியும் வழியில் தவறிவிட்டால், இரு வங்கிகளும் தங்கள் பதிவுகளை ஒப்பிட்டுப் பார்க்கும் வரை காத்திருக்க நேரும். மேலே சொன்ன கணக்கில் வரவு திங்கள்கிழமை வந்தது இதனால்தான்.

பணம் எடுத்ததற்கு ஒரே மாதிரி குறுஞ்செய்தி இரண்டு வந்திருக்கிறது. இரண்டு முறை போய்விட்டதா?

குறுஞ்செய்தி இரண்டு என்பதால் பற்றும் இரண்டு என்று ஆகாது. தொலைபேசி நிறுவனத்தின் வழியில் தாமதம் ஏற்படும்போது ஒரே செய்தி மறுபடி அனுப்பப்படுவது உண்டு. இரண்டு செய்திகளின் இறுதியிலும் உள்ள இருப்புத் தொகையைப் பாருங்கள். இரண்டிலும் ஒரே இருப்பு இருந்தால், வந்தது ஒரே செய்தியின் நகல்; இரண்டாவதில் அதே தொகை மேலும் குறைந்திருந்தால் பற்று இரண்டு. செய்தியில் இருப்பு இல்லையென்றால் அதிலுள்ள பரிவர்த்தனை எண்களை ஒப்பிடலாம். எண் ஒன்றேயானால் நடவடிக்கையும் ஒன்றே.

ஒரே நாளில் 10,000 என்று இரண்டு வரி. நான் ஒரு முறைதான் போனேன்!

ஒரு முறை போனீர்களா என்பதைவிட, அட்டையை எத்தனை முறை செருகினீர்கள் என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள். பல இயந்திரங்கள் ஒரே முறையில் 10,000 ரூபாய்க்கு மேல் தருவதில்லை. 20,000 எடுக்கப் போனவர் அங்கேயே நின்று இரு முறை எடுத்திருப்பார். பத்து நாள் கழித்துச் சீட்டைப் பார்க்கும்போது, "ஒரே தடவைதானே போனோம்" என்பது மட்டும் நினைவில் நிற்கும். வீட்டில் அட்டையையும் ரகசிய எண்ணையும் பகிர்ந்துகொண்டிருப்பவர்கள் மற்றவர்களையும் கேட்டுக்கொள்வது நல்லது. பகிர்வதே தவறு என்பது வேறு விஷயம்; ஆனால் கேட்கப்பட்ட ஐயங்களில் கணிசமானவை மகனிடமோ மருமகளிடமோ ஒரு வார்த்தை கேட்டதும் தீர்ந்துவிட்டன.

கையில் உண்மையில் எவ்வளவு வந்தது என்பது நிச்சயமாகத் தெரிந்தால் மட்டுமே மேலே சொன்ன இருப்புக் கணக்கு உதவும். அதுவே சந்தேகமாக இருந்தால், இரண்டு வரிகளுக்கும் உரிய நேரத்தை வங்கிச் செயலியிலோ குறுஞ்செய்தியிலோ தேடுங்கள். இரண்டுக்கும் இடையே இரண்டு மூன்று நிமிடங்கள் இருந்து, இரண்டுக்கும் தனித்தனிச் சீட்டு கிடைத்திருந்தால், அவை நீங்கள் எடுத்தவையாகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

சனிக்கிழமை ராத்திரி எடுத்தேன். சீட்டில் அடுத்த நாள் தேதி இருக்கிறது. இது வேறொன்றா?

பெரும்பாலும் அதேதான். வங்கிகள் ஒவ்வொரு நாளின் கணக்கையும் இரவில் முடிக்கின்றன. அந்த நேரத்தை ஒட்டி எடுத்த பணம் அடுத்த நாள் தேதியில் பதிவாகலாம். கவலைப்பட வேண்டியது, சனிக்கிழமை தேதியில் ஒன்றும் ஞாயிறு தேதியில் ஒன்றுமாக அதே தொகை இரண்டும் இருக்கும்போது மட்டும்தான். அப்போதும் இருப்புக் கணக்குதான் முடிவு சொல்லும்.

எடுத்த பணம் சீட்டிலேயே காணோம். அப்படியென்றால் கழியவே இல்லையா?

யுபிஐ வந்த பிறகு அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. தேநீருக்குப் பத்து ரூபாய், பேருந்துக்கு இருபது ரூபாய், காய்கறிக்கு நாற்பது ரூபாய் என்று ஒவ்வொன்றும் ஒரு வரியைப் பிடித்துக்கொள்வதால், பத்து வரிகள் ஒன்றரை நாளில் நிறைந்துவிடுகின்றன. புதன்கிழமை எடுத்த பணம் வெள்ளிக்கிழமை மினி ஸ்டேட்மென்ட்டில் இடம் பெறாமல் கீழே விழுந்திருக்கும்.

இரு முறை கழிந்ததா என்று தேடுபவருக்கு இது இன்னும் சிக்கலானது. இரண்டு பற்றுகளில் பழையது சீட்டை விட்டு வெளியேறி, புதியது மட்டும் தங்கியிருந்தால், ஒன்றுதான் கழிந்தது என்று நினைத்துவிடுவோம். சீட்டின் மிகப் பழைய வரியின் தேதியைப் பாருங்கள். அது நீங்கள் பணம் எடுத்த நாளுக்கு முந்தைய நாளாக இருந்தால்தான், அந்த நாளின் எல்லா வரிகளும் சீட்டில் அடங்கியிருக்கின்றன என்று நம்பலாம். இல்லையென்றால் பாஸ்புக்கை அச்சிடுங்கள், அல்லது வங்கிச் செயலியில் அந்தத் தேதிகளுக்கான முழு ஸ்டேட்மென்ட்டை எடுங்கள். யுபிஐ அதிகம் பயன்படுத்துபவர்கள், பணம் எடுத்த அன்றே மினி ஸ்டேட்மென்ட் எடுப்பது, அல்லது அதை நம்பாமலே இருப்பது என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

`LEDGER BAL` ஒன்று, `AVAIL BAL` வேறொன்று. எதை வைத்துக் கணக்குப் போடுவது?

`LEDGER BAL` என்பது கணக்கேட்டில் எழுதப்பட்ட இருப்பு. `AVAIL BAL` என்பது அதில் இப்போது நீங்கள் எடுக்கக்கூடிய தொகை. பெரும்பாலான சேமிப்புக் கணக்குகளில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். புதிய பங்கு வெளியீட்டுக்கு விண்ணப்பித்ததால் தொகை நிறுத்திவைக்கப்பட்டிருந்தாலோ, போட்ட காசோலை இன்னும் தேறாமல் இருந்தாலோ, வங்கி ஏதேனும் தொகையைப் பிடித்துவைத்திருந்தாலோ `AVAIL BAL` குறைவாகக் காட்டும். மிகைப்பற்று வசதி உள்ள கணக்கில் அது கூடுதலாகவும் காட்டும்.

இரு முறை கழிந்ததா என்று பார்க்க `LEDGER BAL` பக்கமே நில்லுங்கள். பழைய சீட்டில் ஒன்றையும் புதிய சீட்டில் மற்றொன்றையும் எடுத்துக் கணக்குப் போட்டால், இல்லாத பிழை ஒன்று தோன்றும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நீங்கள் எடுத்த தொகைக்கே சமமாக இருந்தால், அந்தத் தொகை எதற்காக நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது என்று வங்கியிடம் கேளுங்கள். அது இன்னும் பற்றாக எழுதப்படவில்லை என்பதால் வேறு வகையில் தீரக்கூடியது.

கணக்கு கிட்டத்தட்டச் சரியாக வருகிறது, ஆனால் 27 ரூபாய் உதைக்கிறது.

இது இரட்டைப் பற்று அன்று, கட்டணம். சேமிப்புக் கணக்குக்கு மாதந்தோறும் சொந்த வங்கி இயந்திரத்தில் ஐந்து முறையும், பிற வங்கி இயந்திரத்தில் சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மூன்று முறையும் மற்ற ஊர்களில் ஐந்து முறையும் கட்டணமின்றி எடுக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு முறைக்கும் 23 ரூபாய் வரை வாங்க 2025 மே 1 முதல் ரிசர்வ் வங்கி அனுமதித்துள்ளது. அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்தால் 27.14 ஆகிறது. சில வங்கிகள் கட்டணத்தை அன்றே கழிக்கும், சில பிறகு சேர்த்துக் கழிக்கும். ஆகவே பணம் எடுத்த தேதிக்கு அருகில் அந்த வரி இல்லாமலும் இருக்கலாம்.

பிற வங்கி இயந்திரத்தில் பேலன்ஸ் பார்ப்பதும் அந்த எண்ணிக்கையில் சேரும் என்பதால், ஐயம் தீரும் வரை அங்கே சீட்டு மேல் சீட்டாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். சொந்த வங்கி இயந்திரத்தில் பேலன்ஸ் பார்ப்பது எண்ணிக்கையில் சேராது என்று 2019 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தெளிவுபடுத்தியது. இயந்திரக் கோளாறாலோ பணம் தீர்ந்ததாலோ முடியாமல் போன முயற்சியையும் எண்ணக்கூடாது என்று அதே சுற்றறிக்கை சொல்கிறது. பணம் வராத முயற்சிக்குக் கட்டணம் கழிந்திருந்தால் அதையும் திருப்பிக் கேட்கலாம்.

5,000 வரவு வந்திருக்கிறது. அது அந்த ஏடிஎம் பணம்தான் என்று எப்படித் தெரியும்? தம்பியும் அதே தொகை அனுப்புவதாகச் சொல்லியிருந்தான்.

மினி ஸ்டேட்மென்ட்டில் இது தெரியாது; தொகை மட்டும் இருக்கும், காரணம் இருக்காது. பாஸ்புக்கிலோ முழு ஸ்டேட்மென்ட்டிலோ விவரப் பத்தியைப் பார்க்க வேண்டும். திருப்பி எழுதிய வரவானால் `REV` அல்லது `REVERSAL` போன்ற சொல் அங்கே இருக்கும். தம்பி அனுப்பியதானால் யுபிஐ என்றோ அவர் பெயரோ இருக்கும்.

அதைவிட உறுதியான அடையாளம், சீட்டில் `RRN` என்ற பெயரில் வரும் பன்னிரண்டு இலக்க எண். ஒவ்வொரு முயற்சிக்கும் தனி எண் உண்டு. திருப்பி எழுதும்போது பழைய முயற்சியின் எண்ணே பெரும்பாலும் மறுபடி வரும். பல வங்கிகளில் இதன் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கமாகவும், அடுத்த மூன்று இலக்கங்கள் அது ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதாகவும் அமைகின்றன. மார்ச் 7 ஆண்டின் 66ஆவது நாள் என்பதால், 2026இல் அன்று நடந்த முயற்சியின் எண் `6066` என்று தொடங்கும். திங்களன்று வந்த வரவின் விவரத்திலும் `6066` என்று தொடங்கும் எண்ணே இருந்தால், அது சனிக்கிழமைப் பணம். இரண்டு பற்று வரிகளில் எது தோல்வியுற்ற முயற்சிக்கு உரியது என்பதையும், வெற்றி பெற்ற முயற்சியின் சீட்டிலுள்ள எண்ணை விலக்கிப் பார்த்து இவ்வாறே பிரித்தறியலாம்.

திரும்பி வந்த பணத்தைப் பத்து நாள் கழித்து மறுபடி பிடித்துவிட்டார்கள். இப்போது மொத்தம் மூன்று பற்று. இது என்ன நியாயம்?

புகார் கொடுத்தவுடன் சில வங்கிகள் தொகையைத் தற்காலிகமாக வரவு வைத்துவிட்டு, பிறகு விசாரிக்கின்றன. இயந்திரத்தின் மின்னணுப் பதிவேட்டில் "நோட்டு வெளியே வந்தது, எடுத்துக்கொள்ளப்பட்டது" என்று இருந்து, அன்று இயந்திரத்தில் உபரிப் பணமும் இல்லையென்றால், தந்த வரவைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். அப்போது பற்று, பற்று, வரவு, பற்று என்று நான்கு வரிகள் வரும். வங்கியின் பார்வையில் நீங்கள் இரு முறை பணம் பெற்றவர். இருப்புக் கணக்கும் இரண்டு பற்றுக்குத்தான் பொருந்தும்.

அதை நீங்கள் ஏற்கவில்லையென்றால், எந்த ஆதாரத்தின் மீது வரவை ரத்து செய்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அந்த இயந்திரத்தின் பதிவேட்டு நகலையும், அன்றைய பணக் கணக்கையும், கண்காணிப்புக் கேமராப் பதிவையும் குறிப்பிட்டுக் கேட்பது முக்கியம், ஏனென்றால் கேமராப் பதிவு நெடுநாள் வைக்கப்படுவதில்லை. நோட்டு கிடைத்தும் தவறுதலாக வரவு வந்திருப்பது உங்களுக்கே தெரிந்தால், அந்தத் தொகையைத் தொடாமல் விட்டுவையுங்கள். வங்கிகளின் ஒப்பீட்டில் அது பெரும்பாலும் பிடிபடும்.

எத்தனை நாள் பொறுத்துப் பார்ப்பது? யாரிடம் புகார் சொல்வது, இயந்திரம் யாருடையதோ அந்த வங்கியிடமா?

புகார் உங்கள் அட்டையைத் தந்த வங்கியிடம்தான். இயந்திரம் வைத்துள்ள வங்கிக் கிளையில் போய் நின்றால் உங்கள் வங்கிக்கே திருப்பி அனுப்புவார்கள், அது முறையும்கூட. தேதி, நேரம், இயந்திர எண், தொகை, `RRN` ஆகியவற்றையும், இருப்புக் கணக்கை நான்கு வரியில் எழுதியும் கொடுங்கள். "5,000 இரண்டு முறை போய்விட்டது" என்று சொல்வதைவிட, "6ஆம் தேதி 21,380.50, இன்று 11,030.50, நான் பெற்றது 5,000, வேறு செலவு 350" என்று எழுதிக் கொடுத்தால் எதிரே இருப்பவருக்கு மறுகேள்வி இருக்காது.

2019 செப்டம்பர் 20 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையின்படி, பணம் வராமல் கழிந்த தொகையைப் பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாள்களுக்குள் வங்கி தானாகவே திருப்பி எழுத வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடும் தர வேண்டும். மார்ச் 7 சம்பவத்துக்கு மார்ச் 12 கெடு. வரவு 15ஆம் தேதி வந்தால் மூன்று நாள் தாமதம், 300 ரூபாய் இழப்பீடு. நீங்கள் கேட்காமலே தர வேண்டிய தொகை இது என்பதால், வரவு வந்த நாளின் சீட்டில் 5,000க்குப் பக்கத்தில் 300 என்று ஒரு `CR` இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள். புகாருக்கு 30 நாள்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு `cms.rbi.org.in` வழியாக எழுதலாம்.

கெடு ஐந்து நாள் என்பதற்காகப் புகாரையும் ஐந்து நாள் தள்ளிப்போட வேண்டியதில்லை. அன்றே பதிவு செய்து எண் வாங்கிக்கொண்டு, பிறகு பொறுத்திருப்பதே சரி.

இரண்டாவது பற்று வேறு ஊர் இயந்திரத்தில் நடந்ததாகக் காட்டுகிறது. இதற்கும் ஐந்து நாள் காத்திருக்க வேண்டுமா?

ஒரு நிமிடமும் காத்திருக்க வேண்டாம். இதுவரை சொன்னவையெல்லாம் நீங்கள் செய்த முயற்சி இரு முறை பதிவானதைப் பற்றியவை. நீங்கள் போகாத ஊரில், நீங்கள் செய்யாத முயற்சி என்றால் அது அட்டை மோசடி. தொகை தற்செயலாக ஒன்றாக இருப்பதால் இரட்டைப் பதிவு போலத் தோன்றுகிறது, அவ்வளவே. முதலில் செயலியிலோ தொலைபேசியிலோ அட்டையை முடக்குங்கள், பிறகு வங்கியில் புகார் பதியுங்கள், 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணிலும் சொல்லுங்கள். உங்கள் தவறு இல்லாமல் மூன்றாம் நபரால் நடந்த மோசடியை மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்கள் தலையில் விழாது என்பது ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்த விதி.

இயந்திரம் இருந்த இடம் மினி ஸ்டேட்மென்ட்டில் தெரியாது. பாஸ்புக்கின் விவரப் பத்தியில் வரும் ஊர்ப் பெயரையும் இயந்திர எண்ணையும் பார்த்து முடிவு செய்யுங்கள். ஆனால் அங்கே அச்சாவது சில நேரங்களில் இயந்திரத்தை நிர்வகிக்கும் நிறுவனத்தின் தலைமையிட ஊராகவும் இருக்கும். உங்களிடமுள்ள பணம் எடுத்த சீட்டின் இயந்திர எண்ணோடு அது ஒத்துப்போனால், ஊர்ப் பெயரைக் கண்டு பதற வேண்டாம்.

சீட்டு வெளுத்துவிட்டது. ஒன்றும் படிக்க முடியவில்லை, இனி என்ன செய்வது?

ஏடிஎம் சீட்டு வெப்பத்தால் கறுக்கும் தாளில் அச்சாகிறது. வெயில் படும் இடத்திலோ, பிளாஸ்டிக் உறைக்குள்ளோ, சட்டைப் பையிலோ சில வாரம் இருந்தால் எழுத்து மறைந்துவிடும். வாங்கிய உடனே கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வெளுத்துவிட்டதென்றால், அன்றைய குறுஞ்செய்தியும் முழு ஸ்டேட்மென்ட்டும் போதும். தேதியையும் தோராயமான நேரத்தையும் வைத்து `RRN` எண்ணை வங்கியே தன் பதிவிலிருந்து எடுத்துக்கொள்ள முடியும். சீட்டு இல்லை என்ற காரணத்தைச் சொல்லிப் புகாரை வாங்க மறுத்தால், அந்த மறுப்பை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அதற்குள் புகார் எண் கிடைத்துவிடும்.